அம்மாவின் டிஸ்சார்ஜ் சம்மரி: உறவினருக்குப் புரியும்படி சொல்வது எப்படி?

டிஸ்சார்ஜ் சம்மரி பெரும்பாலும் அடுத்து நோயாளியைப் பார்க்கப்போகும் மருத்துவரை மனதில் வைத்து எழுதப்படுகிறது. அதனால்தான் அதில் சுருக்கெழுத்துகளும் லத்தீன் குறிப்புகளும் நிறைந்திருக்கின்றன. அதே தாள் போட்டோவாகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போனதும் ஒவ்வொரு சுருக்கெழுத்தும் ஒரு புது நோயாகத் தெரிகிறது. வெளிநாட்டில் இருக்கும் மகள் அதை விளக்கி எழுதும்போது, தாளை வரிக்கு வரி மொழிபெயர்த்தால் பயம் கூடத்தான் செய்யும். என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறார், வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றையும் அதே வரிசையில் சொல்வது நல்லது.

மாரடைப்புக்குப் பின் வீடு திரும்பிய 62 வயதுத் தாயின் சம்மரியை எடுத்துக்கொள்வோம். நோய் நிர்ணயம் என்ற பகுதியில் ஐந்து வரிகள்: சி.ஏ.டி., இன்ஃபீரியர் வால் எம்.ஐ., சிங்கிள் வெசல் டிசீஸ், ஆர்.சி.ஏ.வுக்கு பி.டி.சி.ஏ., மைல்ட் எல்.வி. டிஸ்ஃபங்ஷன். பார்ப்பவருக்கு ஐந்து நோய்கள். உண்மையில் ஐந்தும் ஒரே நிகழ்ச்சியின் ஐந்து பக்கங்கள். மகள் இப்படி எழுதலாம்:

"சித்தி, பெரியப்பா, எல்லாருக்கும் சேர்த்தே எழுதுறேன். அம்மாவுக்கு வந்தது ஹார்ட் அட்டாக். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற பெரிய குழாய்ல வலது பக்கத்துது அடைச்சுக்கிச்சு. மத்த குழாய்கள்ல பெரிய அடைப்பு இல்ல. அடைச்சதைத் திறந்து ஸ்டென்ட் வெச்சுட்டாங்க. தாள்ல இருக்கிற அஞ்சு வரியும் இந்த ஒரு விஷயம்தான்."

அடுத்து உறவினரைக் கலங்கடிப்பது 'ஈ.எஃப். 45%' என்ற எண். இதயத்தில் பாதிக்கு மேல் வேலை செய்யவில்லை என்று அதைப் படித்துவிடுகிறார்கள். நலமான இதயமும் ஒரு துடிப்பில் தன்னிடமுள்ள ரத்தம் முழுவதையும் வெளியே தள்ளுவதில்லை. ஏறத்தாழ 55 முதல் 70 சதவீதம் வரைதான் தள்ளும். ஆகவே 45 என்பது அந்த அளவிலிருந்து ஓரளவு இறங்கியது என்றே பொருள். மாரடைப்பின்போது ரத்தம் கிடைக்காமல் அசந்துபோன தசையில் ஒரு பகுதி, குழாய் திறந்தபின் சில வாரங்களில் தேறக்கூடும். எவ்வளவு தேறியது என்பது மீண்டும் எக்கோ எடுத்த பிறகே தெரியும். அதற்கு முன் "சரியாகிவிடும்" என்று மகள் உறுதி கொடுப்பது தவறு.

வீட்டில் தவறு நேர்வது பெரும்பாலும் மருந்துப் பட்டியலில்தான். 1-0-1 என்பது காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. எச்.எஸ். என்றால் படுக்கும் நேரத்தில்; எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். இந்தத் தாய்க்கு ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், டிகாக்ரெலார் என இரண்டு மாத்திரைகள். ஒன்றின் வேலையைத்தான் இன்னொன்றும் செய்கிறது என்று எண்ணி யாராவது ஒன்றை நிறுத்தச் சொல்வதுண்டு. அவை வெவ்வேறு வழிகளில் வேலை செய்பவை. ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்களில் மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து, மறுபடி மாரடைப்பு வரலாம். வழக்கமாக இரண்டையும் ஓராண்டு வரை கொடுப்பார்கள். பல் பிடுங்குவதாக இருந்தாலும் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. டிகாக்ரெலார் சிலருக்கு மூச்சிரைப்பைத் தரும். அப்போதும் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அலமாரியில் இருக்கும் பழைய மாத்திரைகள் இன்னொரு சிக்கல். முன்பு சாப்பிட்ட பிரஷர் மாத்திரையும் சம்மரியில் உள்ளதும் பிராண்ட் பெயர் வேறாக, உள்ளிருக்கும் மருந்து ஒன்றாக இருக்கலாம். இரண்டையும் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். அட்டையில் பிராண்டுக்கு அருகில் அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயரை ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும். பழைய அட்டைகளின் போட்டோவை மகளுக்கு அனுப்பினால் அவரே ஒப்பிட்டுவிடலாம். எதை நிறுத்துவது என்பதை மருத்துவமனையில் கேட்க வேண்டும்.

மகளின் செய்தியில் கடைசியாக இருக்க வேண்டியவை ஆபத்து அறிகுறிகள். நெஞ்சுவலி, திடீர் வியர்வை, படுத்தால் மூச்சு முட்டுவது, மயக்கம், கறுப்பாக மலம் போவது. நெஞ்சுவலி வந்தால் வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குப் போன் செய்து நேரத்தைக் கடத்தாமல் முதலில் 108-ஐ அழைக்க வேண்டும். மறுபரிசோதனைக்குப் போகும்போது சம்மரியையும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.