கால் சொல்லாததைக் கண் பார்க்கட்டும்

சித்திரை மாதத்து உச்சிவெயில். கோயில் பிராகாரத்தை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்தார் ஒரு பெரியவர். பதினான்கு வருடமாகச் சர்க்கரை. காலில் அவருக்கு எதுவும் தெரியவில்லை. மறுநாள் கூடத்தைப் பெருக்கிய மருமகள்தான் தரையில் ஈரமான கால்தடங்களைப் பார்த்துவிட்டு, "மாமா, கால்லேர்ந்து நீர் வடியுது" என்றார். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம் உடைந்து தோல் வழன்றிருந்தது. எங்கள் பாத சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர் என்னிடம் கேட்டார்: "சுட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதாம்மா?"

நாங்கள் கொடுக்கும் துண்டுச்சீட்டு அவருடைய சட்டைப் பையில்தான் இருந்தது. 'வெறுங்காலோடு நடக்காதீர்கள்' என்பது அதில் முதல் வரி. ஏன் என்று அதில் இல்லை. காரணம் தெரியாத அறிவுரையை யார்தான் கடைப்பிடிப்பார்கள்?

காரணம் இதுதான். சர்க்கரை பல வருடம் கட்டுக்குள் இல்லாதபோது நரம்புகள் கெடுகின்றன. உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை. அவைதான் முதலில் பழுதாகும். சிலருக்கு எரிச்சலும் மதமதப்பும் வரும். பலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமல் உணர்ச்சி மெல்ல மெல்லப் போய்விடும். போனது போனவருக்கே தெரியாது. அதனால்தான் வருடத்துக்கு ஒரு முறையாவது நைலான் இழையை வைத்துச் சோதிக்கிறோம். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் இழை அது. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, பெருவிரலிலும் முன்பாதத்திலும் இழை வளையும் வரை அழுத்தினேன். "எப்பம்மா தொடுவீங்க?" என்றார் பெரியவர்.

வலி போனால் கால் எப்படிப் புண்ணாகிறது என்பதை விளக்கிய வேலையில் பெரும்பகுதி நம் வேலூரில் நடந்தது. 1940-களின் இறுதியில் அங்கே தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்த டாக்டர் பால் பிராண்ட், அவர்களுடைய விரல்கள் நோயால் தானாக அழுகி விழுவதில்லை என்று கண்டார். வலி தெரியாததால் அடிபட்ட இடத்திலேயே திரும்பத் திரும்ப அடிபடுகிறது, அதுதான் காரணம். பின்னாளில் அமெரிக்காவில் சர்க்கரை நோயாளிகளின் கால்களிலும் அதையே அவர் பார்த்தார்.

முள் குத்துவதும் சூடு படுவதும் மட்டும் காயமல்ல. நமக்கு ஒரே இடம் அழுந்தினால் நம்மை அறியாமலே காலை மாற்றி ஊன்றுகிறோம். உணர்ச்சி இல்லாதவர் அதே இடத்தில் ஆயிரம் முறை ஊன்றுவார். அங்கே தோல் தடித்துக் காய்ப்பு ஏறும். அந்தக் காய்ப்பு, செருப்புக்குள் கிடக்கும் கல் மாதிரி உள்சதையை நசுக்கும். காய்ப்பின் நடுவில் கருஞ்சிவப்பாகப் புள்ளி தெரிந்தால் அடியில் ஏற்கெனவே புண் உண்டு என்று அர்த்தம். பிளேடால் சீவாதீர்கள், எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்ல வலி இருக்காது. கால் ஆணிக்குக் கடையில் விற்கும் பிளாஸ்திரியும் வேண்டாம். அதில் உள்ள அமிலம் நல்ல தோலையும் சேர்த்து அரிக்கும். எங்களிடம் வந்தால் பக்குவமாகச் சீவிவிடுகிறோம்.

எம்.சி.ஆர். செருப்பு வாங்கச் சொல்வதும் இதற்காகத்தான். அதன் மெத்தென்ற அடி, பாரத்தை ஒரே புள்ளியில் விடாமல் பாதம் முழுக்கப் பரப்பும். குதிகாலுக்குப் பின்னால் வார் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் நடந்து போவீர்கள்; அப்படி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நரம்பு கெட்ட கால் வியர்க்காது. அதனால் வறண்டு பித்தவெடிப்பு வரும், வெடிப்பு வழியாகக் கிருமி நுழையும். குளித்ததும் துடைத்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். விரல் இடுக்கில் மட்டும் தடவக் கூடாது. அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்காதீர்கள். வீட்டில் வேறு யாராவது கைவிட்டுப் பார்க்கட்டும்.

பெரியவரின் புண் ஆற இரண்டு மாதம் ஆனது. மருந்தைவிடக் கடினமாக இருந்தது அவரை நடக்கவிடாமல் வைத்திருந்ததுதான். வலிக்கவில்லை, அதனால் எழுந்து போய்விடுவார். ஒவ்வொரு அடியும் புதிதாகக் கூடிவரும் தோலைப் பிய்த்துவிடும் என்று மருமகள் தினமும் சொல்ல வேண்டியிருந்தது.

புதிதாக ஒரு புண், நீர்வடிதல், கெட்ட வாடை, கருத்த விரல் இவற்றில் எதைக் கண்டாலும் அன்றைக்கே வாருங்கள். ஒரு கால் மட்டும் சிவந்து, வீங்கி, மற்றதைவிடச் சூடாக இருந்தால், வலியே இல்லாவிட்டாலும் வாருங்கள். உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம்.

பெரியவர் இப்போது விடியற்காலை நடை திறக்கும்போதே கோயிலுக்குப் போய்விடுகிறார், கல் குளிர்ந்திருக்கும். ராத்திரி படுக்கும்முன் கட்டிலில் காலை நீட்டுகிறார். பேரன் செல்போன் டார்ச்சை அடித்து, ஒவ்வொரு விரலாக விலக்கி, "தாத்தா, ஒண்ணுமில்ல" என்று சொன்ன பிறகுதான் போர்வை.