ஜவுளிக்கடை பெயர் மாறும்போது

பல ஆண்டுகளாகத் துணி எடுத்த கடையின் வாசலில் ஒருநாள் புதுப் பெயர்ப்பலகை தொங்கினால், ஊரில் முதலில் எழும் கேள்வி, "கடையை வித்துட்டாங்களா?" என்பதுதான். அடுத்தது, "அண்ணன் தம்பி பிரிஞ்சுட்டாங்களா?" புது லோகோவின் அழகைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வரும். கடைக்காரர் வெளியிடும் பெயர் மாற்ற அறிவிப்பு இந்த இரண்டு கேள்விகளுக்கும் முதல் வரியிலேயே பதில் சொல்ல வேண்டும். பெரும்பாலான அறிவிப்புகள் "புதுப் பொலிவுடன்", "புதிய பரிமாணத்தில்" என்று தொடங்கி, அந்தப் பதிலைச் சொல்லாமலே முடிந்துவிடுகின்றன.

நாற்பது ஆண்டு பழகிய பெயரைக் கடைக்காரர்கள் ஆசைப்பட்டு மாற்றுவதில்லை. நம் ஊர் ஜவுளிக்கடைப் பெயர்கள் பெரும்பாலும் சாமி பெயர், தாத்தா பெயர், ஊர்ப் பெயர் இவற்றோடு 'சில்க்ஸ்', 'டெக்ஸ்டைல்ஸ்' சேர்ந்து அமைந்தவை. ஒரே ஊரில் ஒரு கடையாக இருக்கும்வரை இதில் சிக்கல் இல்லை. பிள்ளைகள் தலையெடுத்து அடுத்த மாவட்டத்தில் கிளை திறக்கப் போனால், அங்கே அதே பெயரில் வேறொருவர் ஏற்கெனவே கடை வைத்திருப்பார். வணிகச் சின்னமாகப் பதிவு செய்யலாம் என்றால், எல்லோரும் வைக்கும் பெயரைத் தனி உரிமையாகப் பெறுவது கடினம். முதலில் பயன்படுத்தியவருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. ஆனால் பழைய பில்களையும் விளம்பரங்களையும் காட்டி அவர் அதை நிரூபித்தாக வேண்டும். குடும்பப் பாகப்பிரிவினையில் பெயர் ஒரு கிளைக்கும் கட்டடம் மற்றொரு கிளைக்கும் போய்விடுவதும் உண்டு. காரணம் எதுவானாலும் அதை நேராகச் சொல்லிவிட்டால் வதந்திக்கு வேலையில்லை.

சொல்லாமல் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் 'கேப்' துணிக்கடை நிறுவனம் ஒரு பாடம். டொனால்ட் ஃபிஷரும் அவர் மனைவி டோரிஸும் 1969-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய கடை அது. கருநீலச் சதுரத்துக்குள் வெள்ளை எழுத்து என்ற அதன் சின்னம் இருபது ஆண்டுகளுக்கு மேல் புழக்கத்தில் இருந்தது. 2010 அக்டோபர் தொடக்கத்தில், அப்போது நாற்பதைக் கடந்திருந்த அந்த நிறுவனம், முன்னறிவிப்பு எதுவுமின்றித் தன் இணையதளத்தில் புதுச் சின்னத்தை வைத்தது. கறுப்பு எழுத்து, அதன் மூலையில் சிறியதாக ஒரு நீலச் சதுரம், அவ்வளவுதான்.

வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். நிறுவனம் உடனே, "நீங்களே வரைந்து அனுப்புங்களேன்" என்றது. யோசிக்காமல் மாற்றிவிட்டார்கள் என்ற எண்ணம் அதனால் இன்னும் உறுதிப்பட்டது. ஒரு வாரம் ஓடியதும் பழைய நீலச் சதுரமே திரும்பியது. மாற்றத்தைக் கொண்டுபோன முறை சரியில்லை என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. இத்தனைக்கும் அங்கே மாறியது சின்னம் மட்டும்தான், பெயர் மாறவில்லை. பெயரையும் சேர்த்து மாற்றும் கடைக்கு எச்சரிக்கை இரண்டு மடங்கு தேவை.

நம் ஊருக்கு வருவோம். மாவட்டத் தலைநகர் ஒன்றில் 1985-இல் அண்ணன் தம்பி இருவர் கூட்டாகத் தொடங்கிய கடை என்று வைத்துக்கொள்வோம். இப்போது பெயரை மாற்றுகிறார்கள். அவர்களின் அறிவிப்பு இப்படி இருக்கலாம்: "எங்கள் கடையின் பெயர் தை முதல் தேதியிலிருந்து மாறுகிறது. வேறு மாவட்டங்களில் இதே பெயரில் கடைகள் இருப்பதால் இந்த மாற்றம். உரிமையாளர்கள் அதே குடும்பம், இடம் அதே இடம், ஊழியர்கள் அதே ஊழியர்கள். பழைய பெயரில் உள்ள சேமிப்பு அட்டையும் பரிசுக் கூப்பனும் அப்படியே செல்லும். பழைய பில்லைக் கொண்டுவந்தாலும் துணி மாற்றித் தரப்படும்."

ஐந்து வரிதான். ஆனால் மாதாமாதம் தீபாவளிச் சீட்டுக் கட்டும் பெண்ணுக்கும், நேற்று முகூர்த்தப் பட்டு எடுத்துவிட்டு ரவிக்கைத் துணியை மாற்ற நினைப்பவருக்கும் வேண்டியது அதில் இருக்கிறது. ஆறுதல் வார்த்தைகளை எவ்வளவு அடுக்கினாலும், "கூப்பன் செல்லும்" என்ற ஒரு வரி தரும் தெம்பு வராது.

அறிவிப்பு சொல்வது உண்மைதானா என்று வாடிக்கையாளரே சரிபார்க்கவும் வழி இருக்கிறது. பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் அச்சாகியிருக்கும். தமிழ்நாட்டுக் கடையென்றால் அது 33 என்று தொடங்கும். அதற்கடுத்த பத்து இலக்கம் அந்த நிறுவனத்தின் பான் எண். பெயர் மட்டும் மாறி, பான் எண் மாறாவிட்டால், 15 நாளுக்குள் ஜிஎஸ்டி பதிவில் திருத்தம் கேட்டு விண்ணப்பித்தால் போதும், எண் பழையதாகவே இருக்கும். ஆகவே பழைய பில்லிலும் புதுப் பில்லிலும் ஒரே எண் இருந்தால், சட்டப்படி அது அதே நிறுவனம்தான்.

எண் மாறியிருந்தால் உடனே கை மாறிவிட்டது என்று முடிவு கட்டவும் கூடாது. கூட்டுத் தொழிலாக இருந்த கடையை அதே குடும்பம் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக மாற்றினாலும் பான் எண் புதிதாகிவிடும். அப்போது பழைய சேமிப்புத் தொகைக்குப் புதுக் கம்பெனி பொறுப்பேற்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. பொறுப்பான கடை கேட்பதற்கு முன்பே அதைச் சேமிப்பு அட்டையில் முத்திரையிட்டுத் தந்துவிடும்.

அடுத்து, பழைய பெயரை என்ன செய்வது? ஒரே இரவில் அழித்துவிடுவதுதான் கடைக்காரர்கள் செய்யும் பெரிய தவறு. கம்பெனியாகப் பதிவானவர்கள் பெயரை மாற்றினால், 2 ஆண்டுகளுக்குப் பெயர்ப்பலகையிலும் கடிதத்தாளிலும் பழைய பெயரையும் சேர்த்தே போட வேண்டும் என்று கம்பெனிச் சட்டமே சொல்கிறது. கூட்டுத் தொழில் கடைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லையென்றாலும் அதே வழக்கத்தைப் பின்பற்றுவது புத்திசாலித்தனம். பெரிய எழுத்தில் புதுப் பெயர், அதன் கீழே சிறிய எழுத்தில் பழைய பெயர் என்று பலகை இருந்தால், வெளியூரிலிருந்து கல்யாணத் துணி எடுக்க வரும் குடும்பம் வாசலில் தடுமாறாது.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பழைய பெயர் வணிகச் சின்னமாகப் பதிவாகியிருந்து, அதைத் தொடர்ந்து 5 ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்தாமல் விட்டால், பதிவை நீக்கச் சொல்லி வேறொருவர் விண்ணப்பிக்க முடியும். பிறகு அதே தெருவில், அதே பெயரில் புதுக்கடை முளைத்தாலும் தடுப்பது கடினம். ஏதாவது ஒரு ரகத்துக்கு, உதாரணமாகக் கடையின் சொந்த வேட்டிக்கோ பட்டுப் பிரிவுக்கோ, பழைய பெயரை வைத்து விற்றுவந்தால் உரிமையும் தங்கும், பழைய வாடிக்கையாளரின் மனசும் குளிரும்.

சின்னத்திலும் இதே நிதானம் தேவை. எழுத்து, நிறம், உருவம் மூன்றையும் ஒருசேர மாற்றினால் அடையாளத்துக்குப் பிடிமானமே இருக்காது. பெயர் மாறும்போது நிறத்தையாவது விட்டுவைக்க வேண்டும். துணிக்கடையை மக்கள் பையை வைத்தே அறிகிறார்கள். மஞ்சள் பையில் சிவப்பு எழுத்து என்று பழகிய வீட்டில், அதே மஞ்சளில் அதே சிவப்பில் புதுப் பெயர் வந்தால் கண் ஏற்றுக்கொள்ளும். அச்சடித்து வைத்த பழைய பைகளைத் தூக்கி எறியவும் வேண்டாம். தீரும்வரை புதுப் பெயருள்ள சீட்டு ஒன்றை உள்ளே போட்டுக் கொடுக்கலாம்.

எப்போது மாற்றுவது என்பதும் முக்கியம். ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரங்களில் மாற்றினால், கூட்டத்தில் யாருக்கும் விளக்கம் சொல்ல நேரமிருக்காது. தை பிறந்து, பொங்கல் வியாபாரம் அடங்கிய நாட்களில் விற்பனையாளர்கள் நின்று பேச முடியும். அறிவிப்பு அச்சாவதற்கு முன்பே அவர்களைக் கூட்டி உட்கார வைத்து, காரணத்தைச் சொல்ல வேண்டும். இருபது ஆண்டாகப் புடவை விரித்துக் காட்டும் விற்பனையாளரிடம்தான் வாடிக்கையாளர் விசாரிப்பார். அவர், "எனக்குத் தெரியாதும்மா, முதலாளியைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டால், செய்தித்தாளில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்தும் பயனில்லை.