வத்தகையும் முலாமும்: கடைமுன் நின்று பழந் தேர்தல்

மாம்பழத்தை வாங்கும்போது ஒருவர் சிறிது தவறினாலும் குற்றமில்லை. முதிர்ந்த காயாயின் அதனை வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ இட்டுவைத்தால் நான்கு நாளிற் பழுத்து இனிக்கும். வாழைக்குலையும் அவ்வாறே. வத்தகைப்பழத்தில் இந்த வசதி இல்லை. பழுக்குமுன் வெட்டப்பட்ட வத்தகை வீட்டில் எத்தனை நாள் கிடந்தாலும் இனிப்பு ஏறாது. கோடை வெயிலில் ஐந்து கிலோகிராம் சுமையை வீடு கொணர்ந்து, பிள்ளைகள் சூழ்ந்திருக்க வெட்டிப் பார்க்கும்போது வெளிறிய சதையும் சப்பென்ற நீருமே கிடைத்தால், கொடுத்த பணம் போனதுதான்.

இதன் காரணம் எளியது. மாவும் வாழையும் காயாக இருக்கும்போதே தம்முள் மாச்சத்தைச் சேர்த்து வைக்கின்றன. பறித்த பின்னர் அம்மாச்சத்தே சர்க்கரையாக மாறுகின்றது. வத்தகைக்கு அத்தகைய சேமிப்பு இல்லை. அதன் சர்க்கரை முழுவதும் கொடியின் இலைகளில் உண்டாகிக் காம்பின் வழியே நாள்தோறும் வந்து சேர்வது. காம்பை வெட்டியதும் அவ்வரவு நின்றுவிடுகின்றது. பின்னர் சதையின் செம்மை சற்றே கூடலாம், இனிப்புக் கூடாது. ஆகவே கடைமுன் நிற்பவர் விடை காணவேண்டிய கேள்வி ஒன்றே: இப்பழம் உரிய நாளில் வெட்டப்பட்டதா? நாள் முந்தினால் இனிப்பில்லை. பிந்தினால் சதை மாவாகிப் போகும்.

முந்தவில்லை என்பதற்குச் சான்று பழத்தின் அடிப்பக்கத்தில் இருக்கின்றது. வத்தகை கொடியிலே தொங்குவதன்று. நிலத்திற் கிடந்து வளர்வது. நிலத்தோடு ஒட்டிய பக்கத்தில் வெயில் படாமையால் அங்கே பச்சை நிறம் ஊறுவதில்லை. இளங்காயில் அவ்விடம் வெண்மையாகவோ வெளிர்பச்சையாகவோ தோன்றும். பழம் முதிர முதிர அது பாலாடையின் நிறமாகி, இறுதியில் வெண்ணெயைப் போன்ற மஞ்சளாகும். கரும்பச்சைத் தோலுடைய உருண்டைப் பழங்களில் இம்மறு தெளிவாகத் தெரியும். வெளிறிய தோலும் வரிகளும் உடைய இனங்களில் கூர்ந்து நோக்கவேண்டும். கடைக்காரர் அழகுக்காக மறுவைக் கீழே மறைத்து அடுக்கியிருப்பர். பழத்தைப் புரட்டிப் பார்ப்பதில் நாணம் வேண்டியதில்லை.

ஆயினும் இரு எச்சரிக்கைகள் உண்டு. மேற்பக்கத்தில் வெயில் சுட்டு வெளுத்த இடத்தையும் சிலர் இம்மறுவென்று மயங்குவர். நிலமறு சற்றே தட்டையாய், ஓரம் பச்சையோடு மெல்லக் கலந்து, தொட்டால் ஏனைய தோலைப் போலவே உறுதியாக இருக்கும். வெயில் சுட்ட இடமோ காய்ந்து கடதாசிபோல் இருக்கும். இரண்டாவதாக, தோட்டக்காரர் பழத்தை இடையிடையே புரட்டி வைத்திருந்தாலும், அடியில் வைக்கோல் பரப்பியிருந்தாலும் மறு மங்கலாக இருக்கலாம். மஞ்சள் மறு ஒரு நல்ல சான்று; அதன் இன்மை மட்டும் பழத்தைத் தள்ளிவிடப் போதாது.

பிந்தவில்லை என்பதற்குச் சான்று ஓசை. பழத்தை இடது உள்ளங்கையில் ஏந்தி, வலக்கையின் நடுவிரலை மடக்கி நடுப்பகுதியிலே தட்டவேண்டும். காயாக உள்ளதன் சதை விறைப்பானது. விறைத்த பொருளில் அதிர்வு விரைந்து ஓடுவதால் ஓசை உச்சமாய், மரப்பலகையைத் தட்டினாற்போற் கணீரென்று கேட்கும். பழுக்கும்போது சதையின் நுண்ணறைச் சுவர்கள் இளகுகின்றன. ஓசை தாழ்ந்து, ஆழ்ந்து, முழவொலி போலாகின்றது. அவ்வேளை தாங்கியிருக்கும் இடக்கையிலும் ஓர் அதிர்வு உணரப்படும். அளவு மீறிப் பழுத்துவிட்டாலோ சதை தளர்ந்து அதிர்வை விழுங்கிவிடும், மணல் மூட்டையைத் தட்டினாற்போல் மந்தமான ஓசையே எழும், கையிலும் துடிப்பிராது.

இவ்வோசையைத் தனியொரு பழத்தில் தட்டி அறிய முயல்வதே பலர் செய்யும் பிழை. பெரிய பழத்தின் ஓசை இயல்பாகவே தாழ்ந்தது. சிறியதன் ஓசை உயர்ந்தது. ஆகவே பருமனில் ஒத்த நாலைந்து பழங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டி ஒப்பிட்டாலன்றி ஓசை எதனையும் கூறாது.

இனி நிறை. 'கனமான பழமே நல்ல பழம்' என்பது சந்தையில் வழங்கும் வார்த்தை. அது பாதி உண்மை. கனம் இனிப்பைக் காட்டுவதில்லை, காயும் கனமானதே. உள்ளே வெற்றிடம் இல்லை, நீர் வற்றவில்லை என்பதையே கனம் காட்டுகின்றது. மகரந்தச் சேர்க்கை குறைந்த பழத்தின் நடுவிலே சதை பிளந்து பள்ளம் விழுவதுண்டு. அப்பழமும் இனிக்கக்கூடும்; ஆனால் பருமனைக் கண்டு ஏமாறுவதற்கு இடமுண்டு. நெடுநாள் கிடந்த பழமும் நீரை இழந்து இலேசாகும்.

ஓர் உதாரணத்தால் இது விளங்கும். வீதியோரப் பந்தலொன்றில் ஒரு குடும்பத் தலைவி மூன்று பழங்களை எடுத்து வைக்கின்றார் என்று கொள்வோம். மூன்றும் கரும்பச்சையான உருண்டைப் பழங்கள். நூலாற் சுற்றி அளந்தால் ஒவ்வொன்றின் சுற்றளவும் 66 சென்ரிமீற்றர். அத்தகைய உருண்டை ஏறத்தாழ 4,850 மில்லிலீற்றர் இடத்தை அடைக்கும். அவ்வளவு நீரின் நிறை 4.85 கிலோகிராம். நல்ல வத்தகை நீரைவிடச் சற்றே இலேசானது. அதனாலேயே நீரில் மிதக்கின்றது. ஆகவே 4.6 கிலோகிராம் அளவில் இருத்தல் பொருத்தமாகும்.

தராசிலே முதலாவது பழமும் இரண்டாவதும் 4.6 கிலோகிராம் காட்டுகின்றன. மூன்றாவது 4 கிலோகிராமே காட்டுகின்றது. மூன்றாவதன் மறு நல்ல மஞ்சள். ஆனால் தட்டினால் மந்தமான ஓசை. உள்ளே பள்ளம் விழுந்திருக்கவேண்டும், அல்லது பழம் நாட்பட்டிருக்கவேண்டும். அது விலக்கப்படுகின்றது. எஞ்சிய இரண்டையும் நிறை பிரித்துக் காட்டவில்லை. முதலாவதன் மறு பச்சை கலந்த வெண்மை, ஓசை கணீரென்றது. இரண்டாவதன் மறு வெண்ணெய் மஞ்சள், ஓசை ஆழ்ந்தது, கையிலே துடிப்புண்டு. இரண்டாவதே வீட்டுக்குச் செல்லவேண்டியது. நிறையை மட்டும் நம்பியிருந்தால் காயையும் பழத்தையும் அவர் ஒன்றாகவே மதித்திருப்பார்.

கடைக்காரர் வெட்டிக் காட்டும் மாதிரித் துண்டு இவ்வெல்லாவற்றிலும் மேலான சான்றுபோலத் தோன்றும். அதிலும் கவனம் வேண்டும். வத்தகையின் நடுச் சதையே மிக இனியது. தோலை அணுக அணுக இனிப்புக் குறையும். கத்தியாற் குத்தி நடுவிலிருந்து எடுத்த முக்கோணத் துண்டு பழத்தின் மிகச் சிறந்த பாகத்தையே சுவைக்கத் தருகின்றது. நடுவிலிருந்து தோல்வரை நீண்ட கீற்றைக் கேட்டுச் சுவைத்தல் நேர்மையான சோதனை. சிவப்பைக் கண்டு மயங்கலாகாது. நிறப்பொருள் வேறு, சர்க்கரை வேறு. விதை கறுக்கும் இனத்தில் விதைகள் நன்கு கறுத்து உறுதியாக இருத்தல் முதிர்ச்சிக்கு அடையாளம். விதையைச் சுற்றிச் சதை விலகி மணல்மணலாக இருப்பின் பழம் பருவம் கடந்தது. பனிக்கட்டியில் வைத்த துண்டு உள்ளதைவிட இனிப்புக் குறைந்ததாகவே நாவிற் படும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, அத்துண்டு எப்பழத்தினது என்பதாகும். அது வாங்கப்போகும் பழத்தின் துண்டன்று. அதே குவியலில், அதே தோட்டத்திலிருந்து அதே நாளில் வந்த பழமாயின் அச்சான்று செல்லும்; அன்றேல் அஃது அயலாரின் நற்சாட்சிப் பத்திரம் போன்றதே.

முலாம்பழத்துக்கு இவ்விதிகளுட் பல பொருந்தா. அதன் நடுவில் விதைகள் நிறைந்த குழி இயல்பாகவே உண்டு. ஆகையால் தட்டிப் பார்ப்பதிற் பயனில்லை. குலுக்கும்போது உள்ளே நீர் தளும்பினால் அது பழுத்து அழியத் தொடங்கியதென்று மட்டும் அறியலாம். நிறையோ இங்கே கூடிய மதிப்புடையது. ஒரே பருமனான இரண்டில் கனமானது சதை தடித்தும் குழி சிறுத்தும் இருக்கும்.

வலைத்தோலுடைய முலாம்பழத்தின் தலையான சான்று காம்படி. அது பழுக்கும்போது காம்புக்கும் பழத்துக்கும் இடையே ஒரு மெல்லிய படை தானே உருவாகிப் பிரிகின்றது. மெல்லத் தொட்டாலே பழம் கையோடு வந்துவிடும். அவ்வாறு வந்த பழத்தின் காம்படி வட்டமாய், வழுவழுப்பாய், சிறு குழியாக இருக்கும். காம்பின் துண்டு ஒட்டியிருந்தாலும், தோல் கிழிந்து காயம்பட்டிருந்தாலும் பழம் முன்னதாகவே பறிக்கப்பட்டது. வலையின் கீழுள்ள தோல் பச்சை நீங்கி வைக்கோல் மஞ்சளாகியிருத்தல் இரண்டாவது சான்று. காம்புக்கு எதிர்ப்பக்கத்தைப் பெருவிரலால் மெல்ல அழுத்தினால் சிறிதே இணங்கவேண்டும், முகர்ந்தால் மணக்கவேண்டும். குளிரூட்டிய பழத்தில் மணம் எழாது. வழுவழுப்பான வெண்தோலுடைய தேன்முலாம் போன்ற இனங்கள் பழுத்தும் காம்பை எளிதில் விடுவதில்லை. அவற்றில் தோல் பாலேட்டு மஞ்சளாவதையே நோக்கவேண்டும்.

முலாம்பழத்தை ஓரிரு நாள் வீட்டில் வைத்தால் மணமும் மென்மையும் கூடும். அது கண்டு இனிப்பும் கூடியதாகப் பலர் எண்ணுவர். அதற்கும் மாச்சத்துச் சேமிப்பு இல்லை. சர்க்கரை பறித்த நாளில் இருந்தவளவே.

வெட்டிய துண்டுகளைப்பற்றி ஒரு வார்த்தை. நிலத்திற் கிடந்த தோலின் கிருமிகளைக் கத்தி உள்ளே கொண்டு செல்கின்றது. புளிப்புக் குறைந்த இச்சதையில் அவை விரைந்து பெருகும். 2011 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில், கிருமி படிந்த முலாம்பழங்களை உண்டதால் 33 பேர் உயிரிழந்தனர். ஆகவே முழுப்பழத்தையும் வெட்டுமுன் கழுவுதலும், வெட்டியதை வெளியில் இரண்டு மணிநேரத்துக்கு மேல் வையாமையும் வேண்டும். வெயிலிலே ஈ மொய்க்க அடுக்கிவைத்த கீற்று, எத்துணைச் சிவந்திருந்தாலும், சுவைத்துப் பார்ப்பதற்கு உரியதன்று. அங்கே நிலமறுவும் ஓசையும் தராசுமே போதுமான சான்றுகள்.