இது என்ன, எப்படித் தெரிந்தது?

ஸ்மார்ட் போர்டில் ஒரு படம் வருகிறது. கறுப்புப் பின்னணியில் ஒளி ஊடுருவும் கட்டிகள் சில சிதறிக் கிடக்கின்றன. ஏழாம் வகுப்பு முழுவதும் ஒரே கூச்சல். “ஐஸ்கட்டி மிஸ்!” “கண்ணாடித் துண்டு!” “கற்கண்டு!” ஆசிரியர் எந்தப் பதிலையும் சரி என்றோ தவறு என்றோ சொல்வதில்லை. “எதை வெச்சு சொல்றே?” என்று மட்டும் கேட்கிறார். இந்த வினாடி வினாவில் பொருளின் பெயரைச் சொன்னால் ஒரு மதிப்பெண். படத்தில் கண்ட துப்பைச் சொன்னால் இரண்டு.

படத்தில் இருப்பது சாப்பாட்டு உப்பு. மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள இடத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கியிருக்கிறார்கள். பொருளின் அளவு தெரியாமல் போனதும் பழகிய பொருளும் அந்நியமாகிவிடுகிறது. இப்படிப்பட்ட படங்கள் எல்லாம் நம்மை ஏமாற்றுவது பெரும்பாலும் அந்த ஒன்றால்தான். எனவே அளவை விட்டுவிட்டு வடிவத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். கட்டிகளின் முகங்கள் ஒன்றையொன்று செங்கோணத்தில் சந்திக்கின்றன. ஆலையில் உரசி முனை மழுங்கிய கட்டிகளில்கூட கனசதுரத்தின் சாயல் தெரிகிறது. உப்பில் சோடியமும் குளோரினும் முப்பரிமாணத்திலும் செங்கோணமாக அடுக்கப்பட்டிருப்பதன் வெளித்தோற்றம் இது. பக்கத்திலேயே சர்க்கரையின் படத்தையும் காட்டினால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். சர்க்கரைப் படிகம் சற்று நீண்டிருக்கும். அதன் முனைகள் சாய்வாக வெட்டியதுபோல முடியும். “கற்கண்டு” என்று சொன்ன மாணவி வடிவத்தைக் கவனித்திருந்தால் அந்தப் பதிலைத் தானே விலக்கியிருப்பாள்.

மூன்றாவது படமாகக் கல்லுப்பைக் காட்டலாம். உப்பளத்தில் வெயிலில் விளைந்த கல்லுப்பில் சில கட்டிகளின் முகம் நடுவில் குழிந்து, கோயில் குளம்போலப் படிப்படியாக உள்ளே இறங்கும். வேகமாக வளரும் படிகத்தில் ஓரங்களும் மூலைகளும் முந்திக்கொண்டு வளர, நடுப்பகுதி பின்தங்கிவிடுவதால் வருவது அந்தப் படி. எல்லாக் கட்டியிலும் இது இருக்காது. ஒரு கைப்பிடியைக் கறுப்புத் தாளில் பரப்பிப் பொறுக்கியெடுக்க வேண்டும்.

அடுத்து வருவது இந்தப் போட்டியிலேயே எனக்கு மிகப் பிடித்த இணை. இரண்டு படங்கள், இரண்டிலும் வண்ணப் புள்ளிகள். ஒன்று நாளிதழில் அச்சான ஒரு வண்ணப்படத்தின் மூலை. மற்றொன்று செல்போன் திரை. எது எது என்று சொல்ல வேண்டும்.

மாணவர்கள் முதலில் நிறத்தைப் பிடித்துக்கொள்வார்கள். அதுவும் நல்ல துப்புதான். ஒரு படத்தில் நீலப்பச்சை, இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு. மற்றதில் சிவப்பு, பச்சை, நீலம். அதைவிட ஆழமான துப்பு பின்னணியில் இருக்கிறது. அச்சுப் புள்ளிகளுக்கு இடையே தெரிவது தாளின் வெளுப்பு. உற்றுப் பார்த்தால் தாளின் நார்கூடத் தென்படும். திரையின் புள்ளிகளுக்கு இடையே கறுப்பு. தாள் தானாக ஒளிர்வதில்லை. வெளியிலிருந்து விழும் ஒளியில் ஒரு பகுதியை மை உறிஞ்சிக்கொள்ள, மிச்சம் நம் கண்ணுக்கு வருகிறது. அதனால் மை இல்லாத இடம் வெள்ளை. திரையோ ஒளியைத் தானே தருகிறது. விளக்கு இல்லாத இடம் அங்கே இருட்டு.

மூன்றாவது துப்பைக் கண்டுபிடிக்கும் பிள்ளைகளுக்கு நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன். அச்சில் புள்ளிகளின் பருமன் மாறுகிறது: அடர்ந்த இடத்தில் பெரிய புள்ளி, வெளிறிய இடத்தில் சிறிய புள்ளி. திரையில் புள்ளிகளின் அளவு இடத்துக்கு இடம் மாறுவதில்லை; பிரகாசம்தான் கூடிக் குறைகிறது. இதைச் சரிபார்க்க நல்ல வழி, திரை முழுக்க மஞ்சளை வரவழைத்துப் படமெடுப்பது. பெரிதாக்கினால் மஞ்சள் எங்குமே இருக்காது. சிவப்பும் பச்சையும் எரியும், நீலம் அணைந்திருக்கும். மழையில் செல்போன் மீது ஒரு துளி விழுந்தபோது அதற்குள் வண்ணப் புள்ளிகள் மின்னியதைப் பார்த்த மாணவர் வகுப்பில் யாராவது இருப்பார். தண்ணீர்த் துளி லென்ஸாக வேலை செய்ததால் தெரிந்தவை இதே புள்ளிகள்தான்.

இந்தப் படங்களை எடுக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. செல்போன் கேமராவின் மேல் கவ்வும் கிளிப் லென்ஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதைப் பொருத்தி, பொருளுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அருகே கொண்டுபோக வேண்டும். திரையில் இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்குவது பயன்படாது. அது படத்தைத்தான் பெரிதாக்கும், புதிய விவரம் எதையும் சேர்க்காது. இவ்வளவு அருகில் போனால் கூர்மையாகத் தெரியும் பகுதி மிக மெல்லியது. கை நடுங்கினாலே மங்கிவிடும். ஆகவே இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, அவற்றின்மேல் செல்போனைக் கிடத்தி, உயரத்தை ஒவ்வொரு தாளாகக் கூட்டிக் குறைப்பது நல்லது. ஃபிளாஷ் போடக் கூடாது. ஜன்னல் ஒளி பக்கவாட்டில் விழுந்தால்தான் மேடு பள்ளம் நிழலோடு தெரியும். ஒவ்வொரு பொருளோடும் அடிக்கோலின் மில்லிமீட்டர் கோடுகளையும் அதே தூரத்தில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், விடை சொல்லும்போது உண்மையான அளவைக் காட்டிவிடலாம். நாளிதழ் அச்சில் ஒரு மில்லிமீட்டருக்குள் மூன்று நான்கு புள்ளிகள்தான் அடங்கும். செல்போன் திரையில் பத்துக்கும் மேல். இதைத் தம் கையால் எண்ணிப் பார்க்கப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

எதைப் படமெடுப்பது என்று தயங்கும் ஆசிரியர்களுக்கு ராபர்ட் ஹூக் நல்ல வழிகாட்டி. 1665இல் வெளியான தன் நுண்ணோக்கி நூலை அவர் விசித்திரமான எந்த உயிரினத்தோடும் தொடங்கவில்லை. ஊசியின் முனையையும், அச்சிட்ட முற்றுப்புள்ளியையும், சவரக்கத்தியின் விளிம்பையும்தான் முதலில் எடுத்துக்கொண்டார். கூர்மைக்குப் பெயர்போன ஊசி முனை மழுங்கியும் சொரசொரப்பாகவும் தெரிந்தது. வட்டமான முற்றுப்புள்ளி ஒழுங்கற்ற கறையாகத் தெரிந்தது. வீட்டில் அன்றாடம் கைபடும் பொருள்களே இந்தப் போட்டிக்கும் ஏற்றவை. பார்த்தேயிராத பொருளைக் காட்டினால் மாணவருக்கு ஊகிக்க ஆதாரம் எதுவும் இருக்காது.

கடைசிப் படம் கடினமானது. பச்சைப் பரப்பில் வலைபோல நரம்புகள். ஆகவே இலை என்பதில் சந்தேகமில்லை. நரம்புகளுக்கு நடுவே ஒளி கசியும் சின்னஞ்சிறு புள்ளிகள். இலையை ஜன்னலுக்கு எதிரே பிடித்து, பின்னாலிருந்து ஒளி வரும்படி எடுத்த படம் இது. பூச்சி துளைத்த ஓட்டை என்று பலரும் சொல்வார்கள். ஓட்டையாக இருந்தால் விளிம்பு கிழிந்தோ பழுத்தோ இருக்கும். இவையோ இலையெங்கும் ஏறக்குறைய ஒரே பருமனில் பரவியிருக்கின்றன. இவை எண்ணெய்ச் சுரப்பிகள். கசக்கினால் வாசனை வருவது இவை உடைவதால்தான்.

ஆசிரியரின் தாளில் எழுதியிருக்கும் விடை கறிவேப்பிலை. ஆனால் ஒரு மாணவன் “எலுமிச்சை இலை” என்கிறான், இன்னொருத்தி “வில்வம்” என்கிறாள். மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். மூன்றிலும் இதே புள்ளிகள் உண்டு. இந்த ஒரு துண்டுப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூன்றையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆகவே அந்த இருவருக்கும் துப்புக்கான இரண்டு மதிப்பெண்ணும் முழுசாக உண்டு. புள்ளிகளைக் கவனிக்காமல், பச்சையாக இருக்கிறதே என்று “கறிவேப்பிலை” சொன்னவனுக்கு ஒன்றுதான். அதற்குமேல் யாராவது “கொய்யா இலையாவும் இருக்கலாமே மிஸ்” என்றால், அந்தக் கேள்வியைத் தள்ளிவிட வேண்டாம். கொய்யா வேறு குடும்பம், ஆனாலும் அதன் இலையிலும் எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. அடுத்த நாள் நான்கு இலைகளையும் கொண்டுவரச் சொல்லி, வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்து, கசக்கி முகர்ந்தும் பார்க்க வைக்கலாம். படத்தால் பிரிக்க முடியாததை மூக்கு பிரித்துவிடும்.