‘படு’ வந்தால் செயப்பாட்டு வினையா?

ஆசிரியப் பயிற்சி முடித்துப் பள்ளிக்கு வந்த புதிதில் யான் பிள்ளைகளுக்கு ஓர் எளிய விதி சொல்லி வைத்திருந்தேன். வினையோடு ‘படு’ சேர்ந்தால் அது செயப்பாட்டு வினை என்பதே அவ்விதி. ஒரு நாள் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, “ஐயா, ‘தாய் வருத்தப்பட்டாள்’ என்று எழுதியிருக்கிறதே, யாரால் வருத்தப்பட்டாள்?” என்று கேட்டான். எனக்கு விடை வரவில்லை. அன்று அவனை உட்காரச் சொன்னதுதான் என் பதிலாயிற்று. அந்த விதி தவறு என்பதை உணரப் பின்னர் நெடுநாள் பிடித்தது.

செயப்பாட்டு வினை உண்டாகும் முறையை முதலில் காண்போம். ‘முருகன் கடிதத்தை எழுதினான்’ என்பது செய்வினை. இதில் ‘ஐ’ உருபு ஏற்று நிற்கும் கடிதம் செயப்படுபொருள். அது உருபை நீக்கி எழுவாயாகிறது; முருகன் ‘ஆல்’ உருபு பெறுகிறான்; ‘எழுத’ என்னும் வினையெச்சத்தோடு ‘படு’ சேர்கிறது. ‘முருகனால் கடிதம் எழுதப்பட்டது’ என்றாகிறது.

ஆனால் ‘படு’ வினையெச்சத்தோடு மட்டும் சேர்வதில்லை, பெயரோடும் சேரும். அங்கே அதற்கு உறுதல், அடைதல் என்பதே பொருள். ‘மாடு கயிற்றால் கட்டப்பட்டது’ என்பதில் உள்ளது ‘கட்ட’ என்னும் எச்சம். கட்டியவன் ஒருவன் உண்டு. ‘மாடு அவன் சொல்லுக்குக் கட்டுப்பட்டது’ என்பதில் உள்ளது ‘கட்டு’ என்னும் பெயர். இங்கே அடங்கியது மாடுதான். அவ்வாறே ‘மரம் வெட்டப்பட்டது’ என்றால் வெட்டிய ஆள் உண்டு. ‘பால் வெட்டும்போது விரல் வெட்டுப்பட்டது’ என்றால் அது தற்செயலாய் நேர்ந்தது.

வடிவத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னாலும் இடறுவோம். ‘வருத்தம்’ என்னும் பெயர் ‘படு’வோடு சேரும்போது இறுதி மகரம் கெட்டு ‘வருத்தப்பட்டாள்’ என்றாகும். ‘வருத்து’ என்னும் வினையின் எச்சமாகிய ‘வருத்த’ என்பதும் ‘படு’வோடு சேர்ந்து அதே உருவத்தைத் தரும். ‘கொடியவரால் வருத்தப்பட்டாள்’ என்பது செயப்பாட்டு வினை. ‘மகனை நினைத்து வருத்தப்பட்டாள்’ என்பது அன்று. அங்கே வருந்தியவள் அவளே. அந்தப் பையன் கேட்டது இந்த இரண்டாவது வகையை.

‘ஆல்’ இருக்கிறதா என்று தேடுவதும் போதாது. ‘மழையால் கண்ணன் கஷ்டப்பட்டான்’ என்பதில் ‘ஆல்’ இருக்கிறது. அது காரணத்தைக் காட்டுகிறதேயன்றிச் செய்தவனைக் காட்டவில்லை. ஆகவே வாக்கியத்தைத் திருப்பிப் பார்ப்பதே தக்க சோதனை. ‘படு’வை நீக்கி, எழுவாய்க்கு ‘ஐ’ கொடுத்துப் பாருங்கள். ‘கொடியவர் அவளை வருத்தினர்’ என்று வந்தால் அது செயப்பாட்டு வினை. ‘கஷ்டப்பட்டான்’ என்பதில் ‘படு’வை நீக்கினால் வினையே மிஞ்சாது. அதைப் பிறவினையாக்க ‘கஷ்டப்படுத்து’ என்று சொல்ல வேண்டும். அதற்குச் செயப்பாட்டு வினை வேண்டுமானால் ‘கஷ்டப்படுத்தப்பட்டான்’ என்று இன்னொரு ‘படு’ வருகிறது. முதற் ‘படு’வே செயப்பாட்டு வினையாயின் இரண்டாவதற்கு அங்கு வேலை ஏது?

இனி ஆங்கிலத்தோடு ஒப்பிடுவோம். தமிழில் ‘ஐ’ ஏற்கும் பொருளே எழுவாயாக மாறும். ஆங்கிலத்திலோ நாம் ‘கு’ உருபால் சொல்லும் பொருளும் எழுவாயாகலாம். இதனை அறியாத மாணவன் மொழிபெயர்க்கையில் ‘நான் ஒரு புத்தகம் கொடுக்கப்பட்டேன்’ என்று எழுதுகிறான். ஆசிரியர் கொடுத்தது புத்தகத்தை, என்னை அன்று. ‘எனக்கு ஒரு புத்தகம் கொடுக்கப்பட்டது’ என்பதே பொருந்தும். இவ்வாறே ‘அவன் சிரிக்கப்பட்டான்’ என்பதும் பிழை. சிரித்தல் செயப்படுபொருள் குன்றிய வினை. ‘எல்லாரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள்’ என்பதே தமிழ். ‘நான் பிறக்கப்பட்டேன்’ என்று எழுதுவாரும் உளர். ஆங்கிலம் அவ்விடத்தில் செயப்பாட்டு உருவத்தைக் கையாளும். தமிழுக்குப் ‘பிறந்தேன்’ என்பதே போதும்.

பிழையில்லாத இடத்திலும் ஆங்கிலத்தைப் போல் அடிக்கடி இதனைக் கையாளத் தேவையில்லை. செய்தவன் யார் என்று சொல்ல விரும்பாதபோது ஆங்கிலம் செயப்பாட்டு வினையை நாடும். நாமோ எழுவாயை விட்டுவிட்டு, ‘கதவைப் பூட்டிவிட்டார்கள்’ என்கிறோம். செயப்படுபொருளை முன்னே நிறுத்தவும் ‘கதவைக் காவற்காரர் பூட்டினார்’ என்று இடம் மாற்றினாலே போதும். ‘ஐ’ உருபு மயக்கத்தைத் தடுத்துவிடும். அறிவிப்பிலும் சட்டத்திலும் ‘பள்ளி நாளை மூடப்படும்’ என்று எழுதுவது இயல்பே. ‘அம்மாவால் சோறு சமைக்கப்பட்டது’ என்று வீட்டில் எந்தப் பிள்ளையும் சொல்லாது. கட்டுரை நோட்டில் மட்டும் எழுதும்.

ஆதலின் ஆசிரிய நண்பர்கள் ‘படு’வின் கீழ்க் கோடிடச் சொல்லும் பயிற்சியோடு நில்லாமல், ஒவ்வொரு வாக்கியத்தையும் செய்வினையாகத் திருப்பி எழுதச் சொல்வார்களாக. திரும்பாத வாக்கியம் எதுவென்று பிள்ளைகளே கண்டு சொல்வார்கள். அந்தப் பையனுக்கு யான் அன்றே சொல்லியிருக்க வேண்டிய விடை இதுதான்: “யாராலும் இல்லை, தம்பி, அவளே வருந்தினாள்.”