வட இந்தியாவில் மார்ச் மாதம் மேகம் சூழ்ந்தும் மழை பொய்ப்பது ஏன்?

புதுதில்லி: டிசம்பர் முதல் மார்ச் வரை பஞ்சாப், ஹரியாணா, தில்லியில் பெய்யும் மழைக்கு முக்கியக் காரணம், மத்தியதரைக் கடல் பகுதியில் உருவாகிக் கிழக்கு நோக்கி நகரும் 'மேற்கத்திய இடையூறு' ஆகும்.

அது உருவாகும் இடத்தில் குளிர்காற்றும் வெப்பக் காற்றும் சந்திக்கும் எல்லை தெளிவாகத் தென்படும். வானிலையாளர்கள் இதனை 'வளிமுகம்' என்கின்றனர். கனமான குளிர்காற்று தரையை ஒட்டி முன்னேற, லேசான வெப்பக் காற்று அதன்மேல் ஏறுகிறது. ஈரான், ஆப்கானிஸ்தான் மலைகளைக் கடப்பதற்குள் தரையருகே இந்த எல்லை பெரும்பாலும் சிதைந்துவிடுகிறது. ஆயினும், மேலடுக்கில் நகரும் சுழற்சி காற்றைத் தொடர்ந்து மேலெழச் செய்கிறது. அரபிக்கடல் ஈரமும் அதனுடன் சேர்கிறது.

மார்ச் பிற்பகல் ஒன்றில் தரையில் வெப்பநிலை 28 டிகிரி செல்சியஸ் என்று கொள்வோம். காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாக மாறத் தொடங்கும் 'பனிநிலை' 12 டிகிரி. மேலெழும் காற்று ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி குளிர்கிறது. பனிநிலையோ 2 டிகிரிக்கும் சற்றுக் குறைவாகவே இறங்குகிறது. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் உயரத்தில் இரண்டும் 8 டிகிரியை ஒட்டிச் சமமாகின்றன. மேகத்தின் அடிப்பகுதி அங்குதான் அமையும். ஈரம் நீராகும்போது வெளிப்படும் வெப்பம், காற்று மேலும் உயர உதவுகிறது.

சிக்கல் இனிதான் தொடங்குகிறது. அந்த 2 கிலோமீட்டர் வறண்ட காற்றைக் கடக்கும்போது சிறு துளிகள் வழியிலேயே ஆவியாகிவிடுகின்றன. வானம் கறுத்திருந்தும் தரை நனைவதில்லை. ஆவியாதலால் குளிர்ந்து கனத்த காற்று வேகமாகக் கீழிறங்கித் தரையில் பரவுகிறது. மழை தராத மேகமும் முற்றிய கோதுமைக் கதிர்களைச் சாய்த்துவிடுவது இதனால்தான்.