உள்ளே இருப்பவரை முதலில் தேடுங்கள்

பெரிய நிறுவனம் ஒன்றின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் விண்ணப்பத்தைப் பதிவேற்றியதும், பின்னால் இருக்கும் மென்பொருள் ஒரு குறிப்பைச் சேர்த்துக்கொள்கிறது: இவர் எந்த வழியாக வந்தார்? விளம்பரம் பார்த்து நேரடியாக வந்தவரா, ஏஜென்சி அனுப்பியவரா, உள்ளே வேலை பார்க்கும் ஒருவர் பரிந்துரைத்தவரா? பல நிறுவனங்களில் முதலில் பதிவான வழியே நிற்கும். ஞாயிறு இரவு நேரடியாக விண்ணப்பித்துவிட்டு, திங்கள் காலையில் அங்கே இருக்கும் பழைய சக ஊழியரிடம் “ரெஃபர் பண்ண முடியுமா?” என்று கேட்பவர்கள் நிறைய. அவரும் மனதார ஒப்புக்கொண்டு உங்கள் மின்னஞ்சல் முகவரியை உள்ளிடுவார். இந்த நபர் ஏற்கெனவே பதிவில் இருக்கிறார் என்று திரை சொல்லிவிடும். சில இடங்களில் அந்தப் பதிவு மாதக்கணக்கில் மாறாது.

ஆகவே ஆளைத் தேடுவது முதலில், விண்ணப்பம் பிறகு. யாரை, எப்படித் தேடுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

சென்னையில் ஓர் இளம்பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஈரோடு பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் ஈசிஇ படித்து 2019இல் முடித்தவர். முதல் இரண்டு ஆண்டுகள் கோவையில் ஒரு சிறிய நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை. பிறகு சோழிங்கநல்லூரில் ஒரு பெரிய ஐ.டி. சேவை நிறுவனம். இப்போது சொந்தமாக மென்பொருள் தயாரித்து விற்கும் ஒரு புராடக்ட் நிறுவனத்துக்கு மாற விரும்புகிறார். பெருங்குடியில் அப்படி ஒன்று, ஆட்டோமேஷன் டெஸ்டர் வேண்டும் என்று விளம்பரம் போட்டிருக்கிறது. அங்கே தனக்கு யாரையும் தெரியாது என்று நினைக்கிறார். அவருக்கு மூன்று வேர்கள் இருக்கின்றன: ஒரு கல்லூரி, இரண்டு பழைய அலுவலகங்கள்.

கல்லூரியிலிருந்து தொடங்குவது எளிது. லிங்க்ட்இன் தளத்தில் கல்லூரியின் பக்கத்தைத் திறந்தால் Alumni என்ற பகுதி இருக்கும். படித்த ஆண்டுகளைக் குறுக்கலாம். எந்த ஊரில் இருக்கிறார்கள், எந்த நிறுவனத்தில் இருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம். நிறுவனத்தின் பெயரைத் தேடல் பெட்டியில் போட்டால், அங்கே இருக்கும் முன்னாள் மாணவர்கள் வரிசையாக வருவார்கள். நம் பெண்ணுக்கு நான்கு பேர் கிடைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

உண்மையில் நான்குக்கு மேல் இருக்கலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளில் படித்தவர்கள் பலர், கல்லூரியின் பெயரை விட்டுவிட்டு Anna University என்று மட்டுமே போடுகிறார்கள். கிண்டிக்காரர்கள் சிலர் CEG என்றும், சிலர் College of Engineering, Guindy என்றும், சிலர் பல்கலைக்கழகத்தின் பெயரிலும் இருப்பார்கள். கல்லூரிப் பக்கத்தை இணைக்காமல் கையால் பெயரைத் தட்டியவர்கள் அந்த வடிகட்டியில் சிக்க மாட்டார்கள். அவர்களைக் கூகுளில் தேடலாம். கோவை பி.எஸ்.ஜி. கல்லூரியில் படித்து ஃபிரெஷ்வொர்க்ஸில் இருப்பவர்களைத் தேட வேண்டுமானால் இப்படி:

```
site:linkedin.com/in ("PSG Tech" OR "PSG College of Technology") "Freshworks"
```

பெயரை எத்தனை விதமாக எழுதுவார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும். அத்தனையையும் OR போட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய அலுவலக வழிக்கு நிறுவனத்தின் பக்கத்தைவிட ஆள் தேடல் பயன்படும். People என்று தேடி, All filters திறந்தால், Current company என்ற இடத்தில் போக விரும்பும் நிறுவனத்தையும், Past company என்ற இடத்தில் உங்கள் பழைய நிறுவனத்தையும் போடலாம். இங்கேயும் பெயர்ச் சிக்கல் உண்டு. நிறுவனங்கள் பெயர் மாறும், ஒன்றையொன்று வாங்கும். ஸோஹோ 2009 வரை அட்வென்ட்நெட். ஃபிரெஷ்வொர்க்ஸ் 2017 வரை ஃபிரெஷ்டெஸ்க். எல் அண்ட் டி இன்ஃபோடெக்கும் மைண்ட்ட்ரீயும் 2022இல் ஒன்றாயின. உங்களோடு ஒரே தளத்தில் உட்கார்ந்தவர் பழைய பெயரையே விட்டு வைத்திருக்கலாம். எனவே இரண்டு பெயரிலும் தேட வேண்டும்.

நம் பெண்ணுக்குக் கோவை நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் கிடைக்கிறார்கள். பெரிய சேவை நிறுவனத்திலிருந்து நூறு பேருக்கு மேல் வருகிறார்கள். பார்த்ததும் நூறுதான் பெரிய செல்வம் போலத் தோன்றும். லட்சக்கணக்கானோர் வேலை பார்க்கும் நிறுவனத்தில் ‘நானும் அங்கேதான் இருந்தேன்’ என்பதற்கு எந்த எடையும் கிடையாது. அந்த நூறைச் சலிக்க வேண்டும். முதலில் ஆண்டு: நீங்கள் இருந்த காலத்தில் அவரும் இருந்தாரா? அடுத்து இடம்: அதே வளாகமா, புணேவா? அதற்கடுத்து வேலை: டெஸ்டிங்கா, அதே கிளையன்ட்டின் அக்கவுன்ட்டா? மூன்றும் பொருந்துகிறவர்கள் ஒன்பது பேர் தேறினால் நல்ல அறுவடை. கோவையின் இரண்டு பேருக்கு இந்தச் சலிப்பே வேண்டாம். முப்பது பேர் இருந்த அலுவலகத்தில் ஒருவரையொருவர் தெரியாமல் இருக்க முடியாது.

இந்தச் சலிப்பு ஏன் முக்கியம் என்பது, பரிந்துரைப் படிவத்தைப் பார்த்தால் புரியும். பல நிறுவனங்களின் படிவத்தில், பரிந்துரைக்கும் ஊழியரிடம் இந்த நபரை எப்படித் தெரியும், இவரோடு நேரடியாக வேலை பார்த்திருக்கிறீர்களா என்று கேட்கிறார்கள். ஒரே கல்லூரி என்பதற்காக ரெஃபர் செய்யும் சீனியர், மனசாட்சியோடு ‘இல்லை’ என்றுதான் நிரப்ப முடியும். கோவையில் கூட வேலை பார்த்தவர் ‘ஆம்’ என்று போட்டு, ஒரு பில்டில் இந்தப் பெண் கண்டுபிடித்த பிழையைப் பற்றி இரண்டு வரி எழுத முடியும். ஆள்சேர்ப்புக் குழு படிப்பது அந்த இரண்டு வரியைத்தான். கல்லூரித் தொடர்பு உங்களோடு பேச வைக்கும். கூட வேலை பார்த்த தொடர்பு உங்களுக்காகச் சாட்சி சொல்லும். முன்னதிடம் தகவல் கேளுங்கள், பின்னதிடம் பரிந்துரை கேளுங்கள். இதை மாற்றிக் கேட்பதால்தான் பல தொடர்புகள் வீணாகின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

ஐந்தாறு ஆண்டுகளாகப் பேசாதவரிடம் போய் எப்படிக் கேட்பது என்ற கூச்சம் எல்லோருக்கும் உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், பாஸ்டனை அடுத்த நியூட்டன் நகரத்தில் வேலை மாறியவர்களை ஆராய்ந்து 1973இல் ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்தவர்கள் ஆறில் ஒரு பங்கு மட்டுமே. மற்றவர்களுக்கு உதவியது எப்போதாவது பார்க்கிற, அல்லது அரிதாகவே பார்க்கிற ஆட்கள். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். தள்ளி இருப்பவருக்குத்தான் வேறொரு உலகம் தெரியும். 2022இல் லிங்க்ட்இன்னின் சுமார் 2 கோடிப் பயனர்களை வைத்து ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வும் இதை ஒட்டியே சென்றது. ஒரு திருத்தம் மட்டும் செய்தது: முற்றிலும் அந்நியமான தொடர்பைவிட, மிதமான அளவுக்கு விலகிய தொடர்பே வேலை மாற அதிகம் உதவியது. பழைய அலுவலகத்துக்காரர் பெரும்பாலும் அந்த ரகம்தான்.

இனி எழுத வேண்டியது. கல்லூரி சீனியருக்கு நம் பெண் இப்படி எழுதலாம்: “வணக்கம் அக்கா. நம்ம காலேஜ் ஈசிஇ, 2019 பேட்ச். நாலு வருஷமா ஆட்டோமேஷன் டெஸ்டிங்கில் இருக்கிறேன். உங்கள் கம்பெனியில் டெஸ்டர் வேலைக்கு ஒரு விளம்பரம் பார்த்தேன், இன்னும் அப்ளை பண்ணவில்லை. அந்த டீம் எப்படி, என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று பத்து நிமிடம் பேச முடியுமா? உங்களுக்கு வசதியான நேரத்தில் கூப்பிடுகிறேன்.” யார் என்பதும், என்ன வேண்டும் என்பதும், எவ்வளவு நேரம் என்பதும் இதில் வந்துவிட்டன. ரெஸ்யூமே இணைக்கவில்லை, வேலை வாங்கித் தரச் சொல்லவும் இல்லை. லிங்க்ட்இன் அழைப்போடு அனுப்பும் குறிப்புக்கு எழுத்து வரம்பு உண்டு. இலவசக் கணக்கில் அப்படிப்பட்ட குறிப்புகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. அதனால் வாட்ஸ்அப் பேட்ச் குழுவில் விசாரித்து, அவர் சம்மதத்தோடு எண்ணை வாங்கிப் பேசுவது பல நேரம் விரைவானது.

பேசும்போது கேட்க வேண்டியவை, விளம்பரத்தில் இல்லாதவை. இந்த இடம் புதிதாக உருவானதா, யாரோ விலகியதால் காலியானதா? நேர்முகத் தேர்வில் கோடிங் எழுதச் சொல்வார்களா? 90 நாள் நோட்டீஸ் பீரியட் என்றால் காத்திருப்பார்களா? நம் கதையில் சீனியர் சொல்வது இது: “அந்த விளம்பரத்துக்கு ஏற்கெனவே கடைசிச் சுற்று நடக்குது. பக்கத்து டீம்ல அடுத்த மாசம் ஒரு இடம் வருது. அதுக்கு ஏபிஐ டெஸ்டிங் தெரிஞ்சிருக்கணும்.” இந்த ஒரு தகவலுக்காகவே அந்த அழைப்பு. பெண் கையில் இருந்த விண்ணப்பத்தை அனுப்பவில்லை. ஏபிஐ டெஸ்டிங் செய்த வேலைகளை ரெஸ்யூமேயின் மேற்பகுதிக்குக் கொண்டுவருகிறார். அடுத்த மாதம் விளம்பரம் வந்ததும், அதன் வேலை எண்ணை எடுத்து, கோவையில் கூட வேலை பார்த்தவருக்கு அனுப்பி, பரிந்துரைக்க முடியுமா என்று கேட்கிறார். அவர் பதிவு செய்த பிறகு வரும் இணைப்பின் வழியாகவே விண்ணப்பிக்கிறார்.

தவறுவதற்கும் இடங்கள் இருக்கின்றன. புரொஃபைலில் இருக்கும் வேலை பழையதாக இருக்கலாம். ஆள் விலகிப் பல மாதம் ஆகியும் மாற்றாமல் விட்டிருப்பார். ‘இப்போதும் அங்கேதானே இருக்கிறீர்கள்?’ என்று முதல் வரியிலேயே கேட்டுவிடுவது நல்லது. விலகியவரும் பயனற்றவர் அல்ல. உள்ளே இருக்கும் இன்னொருவரைக் கைகாட்டுவார், டீமைப் பற்றி இன்னும் வெளிப்படையாகவும் பேசுவார். ஒரே நிறுவனத்தில் ஐந்தாறு பேரிடம் ஒரே நாளில் பரிந்துரை கேட்பது கெடுதல். அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள். இரண்டு பேர் பதிவு செய்தால் பிந்தியவருக்கு ஏமாற்றம். பணம் கொடுத்தால் ரெஃபர் செய்கிறேன் என்பவர்களிடம் போகவே வேண்டாம். உங்களைத் தெரியாதவர் பொய்யாக நிரப்பும் படிவம் அது.

இப்போதைய மேலாளருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயமும் நியாயமானது. கூட வேலை பார்த்தவரின் நண்பர் உங்கள் மேலாளராகவே இருக்கலாம். பொது நண்பர் யார் என்று லிங்க்ட்இன் காட்டும். எழுதும் முன் அதைப் பாருங்கள். உங்கள் டீமுக்கு நெருக்கமானவர் என்றால் கல்லூரி வழியே போங்கள்.

கல்லூரி சிறியது, அங்கிருந்து ஒருவர்கூட அந்த நிறுவனத்துக்குப் போகவில்லை என்ற நிலைமை பலருக்கு உண்டு. வீட்டில் முதல் பட்டதாரியாக வந்தவர்களுக்கு இது கடுமையாகவே இருக்கும். ஆனால் பழைய அலுவலக வழி கல்லூரியின் பெயரைக் கேட்பதில்லை. கிளையன்ட் பக்கத்தில் உங்களோடு தினமும் கால் பேசியவர், நீங்கள் சேர்ந்தபோது பயிற்சி கொடுத்தவர், பாதியில் விலகிப்போன டீம் லீட் ஆகியோரும் கூட வேலை பார்த்தவர்களே. அவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகப் பாருங்கள். போக வேண்டிய நிறுவனத்தை முடிவு செய்துவிட்டு ஆள் தேடுவதற்குப் பதிலாக, தெரிந்த ஆட்கள் போயிருக்கும் நிறுவனங்களை வைத்துப் பட்டியல் போடுவது இவர்களுக்கு அதிகம் பலன் தரும்.

பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். விளம்பரம் மூடும் தேதி நெருங்கினால் அவ்வளவு பொறுக்க வேண்டாம். மூன்று நாள் பார்த்துவிட்டு நேரடியாகவே விண்ணப்பித்துவிடலாம். பரிந்துரைப் பதிவு போனாலும், பேச வேண்டியவரிடம் பேசித் தெரிந்துகொள்ள இன்னும் நேரம் இருக்கும், நேர்முகத் தேர்வுக்கு முந்தைய நாள் வரை.